பூ விலை ஆப்: தோவாளைப் பக்கம் இரண்டு நாள் பட்டறைக்கான நிகழ்வு ஆய்வு

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். பன்னிரண்டு கணினிகள். ஆசிரியர்களும் உதவியாளர்களும் கொண்டுவரும் ஆறு ஆண்ட்ராய்டு போன்கள். இந்த அளவை வைத்து, தோவாளை வட்டாரப் பள்ளியின் கணினி அறையில் சனி, ஞாயிறு இரண்டு நாளில் பிள்ளைகள் தங்கள் முதல் ஆப்பைச் செய்து முடிப்பதற்கான திட்டத்தை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். கருவி எம்ஐடி ஆப் இன்வென்டர். 2010-இல் கூகுள் வெளியிட்டு, பின்னர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஏற்று நடத்திவருவது. உலாவியிலேயே இயங்கும், நிரல் வரிகளை அடிக்காமல் பிளாக்குகளை இழுத்துப் பொருத்தினால் போதும்.

செய்யப்போகும் ஆப் சிறியது. ஒரு கிலோ பிச்சிப்பூவின் இன்றைய விலையையும் எத்தனை கிராம் வேண்டும் என்பதையும் போட்டால், கொடுக்க வேண்டிய தொகையைக் காட்டும். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். விளையாட்டு செய்யலாம், வினாடி வினா செய்யலாம் என்று ஆசையோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால் விளையாட்டு ஆப் சரியாக வேலை செய்கிறதா என்பதை அதைச் செய்த பிள்ளையே சொல்லிவிட முடியும். பூ விலை ஆப்பைப் பூக்கட்டும் ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். அவர் அதை எங்கே தவறாக அழுத்துகிறார் என்று பார்ப்பதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முழுவதும் வேண்டும். ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் ஆப் ஓட வேண்டும். ஒரு கணக்கு, ஒரு திரை என்று சுருக்கியதற்கு அதுதான் காரணம்.

நேரம்

சனிக்கிழமை காலை ஒன்பதரை முதல் நான்கு மணி வரை. ஞாயிறு மதியம் ஒன்றரை முதல் ஐந்து வரை. ஞாயிறு காலையில் வகுப்பு வைத்தால் குமரி மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். திருப்பலி, ஆராதனை, அதையடுத்து மறைக்கல்வி, ஓய்வுநாள் பள்ளி என்று பதினொன்று, பன்னிரண்டு மணிவரை போகும். வருகிற பிள்ளைகளை வைத்துத் தொடங்கிவிட்டு, பிந்தி வருபவர்களுக்குத் திரும்பச் சொல்வது இரண்டு தரப்புக்கும் நட்டம். ஊருக்குப் போகும் கடைசி வசதியான பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் கேட்டு, அதற்கு அரை மணி நேரம் முன்னதாக முடிப்பது நல்லது.

சனிக்கிழமை காலையைத் தின்னும் இணைப்பு

ஆப் இன்வென்டரில் செய்வதை உடனுக்குடன் போனில் பார்க்க, போனில் `MIT AI2 Companion` என்ற ஆப் இருக்க வேண்டும். கணினியில் `Connect` மெனுவில் `AI Companion` என்பதை அழுத்தினால் ஒரு க்யூஆர் குறியீடும் ஆறு எழுத்துக் குறியீடும் வரும். போனில் அதை ஸ்கேன் செய்தால் கணினித் திரையில் உள்ளது போனில் வந்துவிடும். கணினியில் பட்டனின் நிறத்தை மாற்றினால் போனிலும் மாறும். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. அது வராமல் பதினொன்றரை மணி ஆகிவிட்டால் அன்றைய வகுப்பு குலைந்துபோகும்.

பெரும்பாலும் குலைவது இப்படித்தான். கணினி அறையின் கணினிகள் கேபிள் வழியாகப் பள்ளி இணையத்தில் இருக்கும். அதன் வைஃபை கடவுச்சொல் அன்று யாரிடமும் இருக்காது. உதவியாளர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்ற போன்களை அதில் சேர்ப்பார். இரண்டு பக்கமும் இணையம் ஓடும், ஸ்கேனும் ஆகும், ஆனால் கணினியில் வரும் முன்னேற்றப் பட்டை பாதியில் நின்றுவிடும். கணினியும் போனும் வேறு வேறு வலையமைப்பில் இருக்கின்றன, நடுவில் பள்ளியின் ஃபயர்வால் வேறு. இதுதான் காரணமா என்று அறிய போனின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். கணினி `10.`-இல் தொடங்கி, போன் `192.168.`-இல் தொடங்கினால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. முகவரிகள் ஒத்துப்போயும் இணையவில்லை என்றால், ரூட்டரில் கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இது வழக்கமாகவே இருக்கும்.

பட்டறைக்கென்று தனி வலையமைப்பு ஒன்றை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. சிம் போடும் 4ஜி ரூட்டர் ஒன்றும் 16 போர்ட் ஸ்விட்ச் ஒன்றும் போதும். ரூட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள், ஸ்விட்சிலிருந்து பன்னிரண்டு கணினிகளுக்கும் கேபிள், ஆறு போன்களும் அதே ரூட்டரின் வைஃபையில். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி 18 கருவிகளை இணைக்க முயல வேண்டாம். பல போன்கள் எட்டு, பத்துக் கருவிகளுக்கு மேல் ஏற்காது. இணையவே இணையாத ஒன்றிரண்டு கணினிகளுக்காக `aiStarter` என்ற சிறு மென்பொருளையும் யுஎஸ்பி கேபிளையும் தயாராக வைத்திருந்தால் கம்பி வழியே இணைத்துவிடலாம்.

இதையெல்லாம் வியாழக்கிழமையே அந்த அறையில், அந்தக் கணினிகளில், அந்த ஆறு போன்களில் செய்து பார்த்துவிட வேண்டும். கம்பேனியன் பழைய பதிப்பாக இருந்தால் புதுப்பிக்கச் சொல்லும். ஆறு போனும் ஒரே நேரத்தில் அதை இறக்கத் தொடங்கினால் சிம்மின் வேகம் போய்விடும்.

பெற்றோரின் போனைப் பிள்ளைகள் கொண்டுவரட்டுமே என்ற யோசனையும் வரும். வேண்டாம். சனிக்கிழமை அப்பாவுக்கு அந்தப் போன் வேலைக்கு வேண்டும். வகுப்பு நடுவில் அழைப்பு வரும். வங்கிச் செய்திகள் அடுத்த பிள்ளையின் கண்ணில் படும்.

யார் கணக்கில் நுழைவது

ஆப் இன்வென்டரின் வழக்கமான முகவரி கூகுள் கணக்கு கேட்கும். எட்டாம் வகுப்பில் 13 வயது நிறையாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களாகவே கணக்கு தொடங்க முடியாது. வயதைக் கூட்டிப்போட்டுக் கணக்கு தொடங்கிக் கொடுப்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரக் கூடாத முதல் பாடம். `code.appinventor.mit.edu` என்ற முகவரியில் கணக்கே இல்லாமல் நுழையலாம். தொடங்கும்போது அது ஒரு மறுவருகைக் குறியீடு தரும். அடுத்த நாள் அதைப் போட்டால்தான் செய்த வேலை திரும்பக் கிடைக்கும். ஒரு கணினியில் உட்காரும் இரண்டு பேரும் தங்கள் நோட்டில் அதை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். உதவியாளர் பன்னிரண்டு குறியீடுகளையும் தனித்தாளில் எழுதிக்கொள்வார். இதற்குப் பத்து நிமிடம் போனாலும் போகட்டும்.

சனிக்கிழமை: தாளிலிருந்து திரைக்கு

முதல் நாற்பது நிமிடம் கணினி அணைந்தே இருக்கும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரு தாளில் போன் அளவுக்குக் கட்டம் போட்டு, திரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரைவார்கள். பிறகு கையால் கணக்கு: கிலோ 400 ரூபாய் என்றால் 250 கிராம் எவ்வளவு? 100 ரூபாய் என்று உடனே சொல்லிவிடுவார்கள். கிலோ 350, 150 கிராம்? இங்கே கொஞ்சம் நேரம் ஆகும். 52 ரூபாய் 50 காசு. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் பிள்ளைகள் வாயாலேயே ‘விலையைக் கிராமால பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும்’ என்ற வரி வந்துவிடும். அந்த வரியைப் பலகையில் எழுதி மாலைவரை அழிக்காமல் வையுங்கள். இந்த இரண்டு கணக்கும்தான் பின்னால் ஆப்பைச் சோதிக்கும் கணக்குகள்.

பிறகு கணினி. திட்டத்தின் பெயர் `PooVilai`. பெயரில் இடைவெளி வேண்டாம். முதலில் ஒரே ஒரு பட்டனை இழுத்துப் போட்டு, போனில் அதைப் பார்த்துவிட வேண்டும். பன்னிரண்டு இணைகளும் இதை முடித்த பிறகுதான் மற்றவை. ஒரு போனில் ஒரு நேரத்தில் ஒரு கணினியின் ஆப்தான் ஓடும் என்பதால் இரண்டு இணைக்கு ஒரு போன், முறைவைத்து.

திரையில் வேண்டியவை நான்கு: விலைக்கு ஒரு `TextBox`, கிராமுக்கு ஒன்று, ஒரு `Button`, விடைக்கு ஒரு `Label`. இழுத்துப் போட்டவுடனேயே பெயர் மாற்றச் சொல்லுங்கள்: `KiloTxt`, `GramTxt`, `KanakkuBtn`, `VilaiLbl`. `TextBox1`, `TextBox2` என்றே விட்டுவிட்டால், பிளாக் பக்கத்துக்குப் போனதும் எது விலை, எது கிராம் என்று பிள்ளைகள் திண்டாடுவார்கள். இரண்டு பெட்டிகளிலும் `NumbersOnly` என்பதை டிக் செய்ய வேண்டும். ‘கிலோ விலை’ என்ற குறிப்பை `Hint`-இல் எழுத வேண்டும், `Text`-இல் அல்ல. `Text`-இல் எழுதினால் பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் அதை அழித்துவிட்டு எண் போட வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்து இங்கே ஒரு தனிச் சிக்கல். கணினி அறையில் தமிழ் தட்டச்சு இல்லை என்று யாராவது டிடிபி கடையில் அடித்த கோப்பைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ‘பூ விலை’ என்று ஒட்டினால் போனில் `G+ tpiy` என்று வரும். அது பாமினி எழுத்துரு; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் மாதிரி தெரிவது அந்த எழுத்துரு போட்ட வேடம். ஆப்புக்கு யுனிகோட் வேண்டும். தேவையான பத்துப் பன்னிரண்டு சொற்களையும் முன்னதாகவே யுனிகோடில் அடித்து ஒரு கோப்பில் வைத்துவிட்டால், பிள்ளைகள் நகலெடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.

மதியத்துக்குப் பிறகு பிளாக்குகள்.

```
when KanakkuBtn.Click
do  set VilaiLbl.Text to
      (KiloTxt.Text × GramTxt.Text) / 1000
```

இந்த மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். பெரும்பாலான பிள்ளைகள் பெருக்கல் வகுத்தல் பிளாக்குகளைச் சரியாகக் கோர்த்துவிட்டு, அதை `when` பிளாக்கின் உள்ளே வைக்காமல் வெளியே மிதக்க விட்டுவிடுவார்கள். பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. அதனால் போன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். திரையின் கீழ் இடது மூலையில் மஞ்சள் முக்கோணமும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அது பூஜ்யம் இல்லையென்றால் எங்கோ ஒரு பிளாக் தனியே கிடக்கிறது, அல்லது ஒரு துளை நிரம்பாமல் இருக்கிறது. சிவப்புக் குறி வந்தால், பெரும்பாலும் ஒரே பட்டனுக்கு இரண்டு `when` பிளாக் போட்டிருப்பார்கள். உதவியாளர் சுட்டியை வாங்கிச் சரிசெய்துகொடுக்கக் கூடாது. அந்த எண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் பிள்ளைகளே தேடிப்பிடிப்பார்கள்.

400, 250 போட்டால் 100 வருகிறதா, 350, 150 போட்டால் 52.5 வருகிறதா என்று சரிபார்த்ததும், பெட்டி எதையும் நிரப்பாமல் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். `The operation * cannot accept the arguments` என்று தொடங்கும் செய்தி வரும். வெற்றிடத்தைப் பெருக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். இதற்கு `Math` பிரிவில் உள்ள `is number?` பிளாக்கைக் கொண்டு ஒரு காவல் போட வேண்டும்.

```
if   is number? KiloTxt.Text
     and is number? GramTxt.Text
then (பழைய கணக்கு)
else set VilaiLbl.Text to "இரண்டு எண்ணும் போடுங்க"
```

`if` பிளாக்கில் `else` தெரியவில்லை என்றால் அதன் மூலையில் உள்ள நீலச் சக்கரத்தை அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இதோடு போதும். வேகமாக முடித்த இணைகளுக்கு நிறமும் படமும். புதிய பிளாக் வேண்டாம். மின்சாரம் போனாலும் கவலையில்லை, வேலை சர்வரில் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும்.

ஞாயிறு: பூக்கார அக்காவின் கையில்

பூக்கட்டும் தொழிலில் இருக்கும் இரண்டு மூன்று பேரை, பெரும்பாலும் பிள்ளைகளின் அம்மாவோ அத்தையோ, இரண்டு மணிக்கு வரச்சொல்ல வேண்டும். தோவாளைச் சந்தை விடிகாலையிலேயே நடந்து முடிவது என்பதால் மதியம் அவர்களுக்கும் தோதுப்படும். போனைக் கையில் கொடுத்து, ‘முந்நூறு ரூபாய் பிச்சி, கால் கிலோ எவ்வளவுன்னு பாருங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கே அழுத்த வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லக் கூடாது. நோட்டோடு பின்னால் நிற்க வேண்டும். வாயைத் திறக்காமல் நிற்பதுதான் அவர்களுக்கு மிகக் கடினமான வேலை.

எதிர்பார்க்க வேண்டியது இது. ‘மக்களே, இதுல கால் கிலோ எங்க இருக்கு?’ என்று கேட்பார்கள். அல்லது கிராம் பெட்டியில் 0.25 என்று போடுவார்கள். விடை 0.075 என்று வரும். ஆப்பைப் பொறுத்தவரை கணக்கில் பிழையே இல்லை: 300 × 0.25 ÷ 1000. காவலும் தடுக்காது, ஏனென்றால் 0.25 நல்ல எண்தான். பிழை அலகில் இருக்கிறது. கால், அரை, நூறு என்று பேசும் ஒருவரிடம் கிராமை எண்ணாகக் கேட்டது ஆப் செய்தவரின் தவறு. சனிக்கிழமை வந்த பிழைச் செய்தியைவிட இந்தத் தவறு பெரியது, ஏனென்றால் இதற்கு எந்தச் செய்தியும் வராது.

திருத்தமும் எளிது. `100`, `கால்`, `அரை`, `1 கிலோ` என்று நான்கு பட்டன்களை ஒரு `HorizontalArrangement`-இல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் `GramTxt.Text`-ஐ 100, 250, 500, 1000 என்று நிரப்பச் செய்தால் போதும். பழைய கணக்கைத் தொடவே வேண்டாம். கிராம் பெட்டியும் அப்படியே இருக்கட்டும், 150 கேட்பவரும் உண்டு.

இரண்டாவதாகத் தென்படுவது, எண் போடும் விசைப்பலகை எழுந்து விடையை மறைத்துக்கொள்வது. அக்கா பட்டனை அழுத்துவார், ஒன்றும் தெரியாது, மறுபடி அழுத்துவார். `Click` பிளாக்கின் முதல் வரியாக `call GramTxt.HideKeyboard` போட வேண்டும். மூன்றாவது, 23.31 என்ற விடை. சந்தையில் 31 காசு யாரும் கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. `round` பிளாக்கில் கணக்கைப் போர்த்தினால் 23. ஒரு கிலோ எத்தனை முழம் வரும் என்றும் காட்டலாமே என்று யாராவது கேட்பார்கள். அதை இந்த ஆப்பில் சேர்க்கக் கூடாது. பூவுக்குப் பூ, கட்டும் நெருக்கத்துக்கு நெருக்கம் முழம் மாறும். மாறாத எண் ஒன்றை எழுதிவைத்தால் ஆப் பொய் சொல்லும்.

நேரம் இருக்கும் இணைகள் காலையில் போட்ட விலையை ஆப் நினைவில் வைக்கும்படி செய்யலாம். `TinyDB` என்ற உறுப்பில் `StoreValue` கொண்டு சேமித்து, `Screen1.Initialize`-இல் `GetValue` கொண்டு எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கம்பேனியன் வழியாகச் சோதிக்கும்போது ஒரே போனில் ஓடும் எல்லாத் திட்டங்களுக்கும் சேமிப்பிடம் பொது. இரண்டு இணைகள் ஒரு போனைப் பகிர்கிறார்கள். சேமிக்கும் விலைக்கு இரண்டு இணையுமே `vilai` என்று குறிச்சொல் வைத்திருப்பார்கள். ஒருவர் போட்ட 400 மற்றவரின் ஆப்பில் வந்து நிற்கும். ‘நாங்க போடாத விலை எப்படி வந்துச்சு சார்?’ என்ற கேள்வி வந்தால் இதுதான். குறிச்சொல்லோடு இணையின் எண்ணையும் சேர்த்து `vilai7` என்று வைத்தால் தீரும். ஆப்பாக நிறுவிய பிறகு இந்தச் சிக்கல் இருக்காது. இன்னொன்று, `Initialize` ஆப் தொடங்கும்போது மட்டுமே ஓடும். பிளாக்கை மாற்றியபின் கம்பேனியனை மறுபடி இணைத்தால் விளைவு தெரியும்.

போனில் நிறுவுவதும் அதற்குப் பின்னும்

நான்கு மணிக்கு `Build` மெனுவில் `Android App (.apk)`. சில நிமிடத்தில் க்யூஆர் குறியீடு வரும். அது இரண்டு மணி நேரம் மட்டுமே செல்லும் என்பதால், அதைப் படம்பிடித்துப்போய் வீட்டில் ஸ்கேன் செய்தால் பயனில்லை. கோப்பைக் கணினியில் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொடுக்க வேண்டும். திருத்திய ஆப்பைப் பழையதன் மேல் நிறுவும்போது நிறுவ முடியவில்லை என்று போன் மறுத்தால், வேறு மறுவருகைக் குறியீட்டில் நுழைந்தார்களா என்று பாருங்கள். ஆப்பைச் செய்தவர் யார் என்று போனுக்குக் காட்டும் கையொப்பச் சாவி ஒவ்வொரு கணக்குக்கும் தனி. சாவி மாறினால் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ முடியும்.

நிறுவும்போது, தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்புக்கு அனுமதி தரவா என்று போன் கேட்கும்; ப்ளே புரொடெக்ட்டும் எச்சரிக்கும். இங்கே பதினைந்து நிமிடம் ஒதுக்கிப் பேசியே ஆக வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு அனுப்பி வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடி நடப்பது இதே கதவு வழியாகத்தான். வீட்டில் அம்மாவின் போனில் தன் ஆப்பைப் போட்டுக்காட்ட அந்தக் கதவைத் திறக்கும் பிள்ளை, அதைத் திறந்தே விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்துவிடும். ஆகவே பட்டறையின் போனிலேயே எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை முழுவதுமாகச் செய்துபார்க்க வேண்டும்: அனுமதி கொடு, நிறுவு, மறுபடி அமைப்புகளுக்குப் போய் `Install unknown apps` பகுதியில் அதே அனுமதியை அணை. அணைத்ததை உதவியாளரிடம் காட்டிய பிறகே பென்டிரைவில் கோப்பு.

பிள்ளைகள் பையைத் தூக்கும் முன் கடைசி வேலை, திட்டத்தை `.aia` கோப்பாக ஏற்றுமதி செய்து அதே பென்டிரைவில் போடுவது. கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் இருக்கிறதே என்று விடக் கூடாது. பல பள்ளிக் கணினிகள் அணைத்து ஏற்றினால் பழைய நிலைக்கே திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கோப்பு இருக்காது. ஏபிகேயைத் திறந்து பிளாக்குகளைத் திரும்பப் பெறவும் முடியாது. `.aia` கையில் இருந்தால், மறுவருகைக் குறியீடு எழுதிய நோட்டு தொலைந்தாலும், எந்தக் கணினியிலும் அதை ஏற்றி ‘முக்கால்’ என்று ஐந்தாவது பட்டனைச் சேர்த்துக்கொள்ளலாம்.